லாபம் ஆறு லட்சம், பேங்க்ல அம்பதாயிரம்

கல்லிடைக்குறிச்சி பக்கம் பலசரக்குக் கடை வச்சிருந்த அண்ணாச்சி ஒருத்தரு, இப்போ அப்பளம் போட்டு மதுரை, நாகர்கோவில்னு சப்ளை பண்ணுதாரு. போன ஜூன்ல நான் கணக்கு எழுதுற ஆபீசுக்கு வந்தவரு உக்காரக்கூட இல்ல, ஐந்தொகைய மேசைல போட்டுட்டு, "தம்பி, லாபம் ஆறு லட்சம்னு போட்டிருக்கிய, பேங்க்ல அம்பதாயிரந்தான் கெடக்கு, மிச்சத்த யாரு எடுத்தா?"ன்னு கேட்டாரு. நாங்க ஏதோ தப்பா எழுதிட்டோம்னு நெனச்சிட்டாரு போல.

கணக்கு சரிதான். கடையில இருந்தவரைக்கும் கல்லாப்பெட்டிதான் அவருக்குக் கணக்கு, சரக்கு வித்தா அன்னைக்கே காசு, அதனால லாபமும் கையில இருக்குற பணமும் கிட்டத்தட்ட ஒண்ணாவே தெரிஞ்சிருக்கும். அப்பளத்துல அப்படி இல்ல. உளுந்து வாங்க இன்னைக்கே காசு போவுது, அரைச்சு தேய்ச்சு காயவச்சு பாக்கெட் போட்டு லாரி ஏத்துனா பார்ட்டி ரெண்டு மாசம் கழிச்சுத் தருவான், ஆனா பில் போட்ட அன்னைக்கே புத்தகத்துல லாபம் ஏறிடும்.

ஐந்தொகைங்கிறது, அதான் பேலன்ஸ் ஷீட், மார்ச் 31 ராத்திரி எடுத்த ஒரு போட்டோ. ஒரு பக்கம் என்னென்ன இருக்கு, இன்னொரு பக்கம் அதெல்லாம் யாரு பணத்துல வந்துது. ஒரு போட்டோவ மட்டும் வச்சு பணம் எங்க போச்சுன்னு சொல்ல முடியாது, போன வருஷத்து போட்டோவையும் பக்கத்துல வைக்கணும். ரெண்டையும் கழிச்சா வர்றதுதான் கேஷ் ஃப்ளோ, அவ்வளவுதான் விஷயம். பணத்தத் தவிர மத்த சொத்து ஏதாவது கூடியிருந்தா பணம் அதுக்குள்ள போயிருக்கு, கடன் கூடியிருந்தா பணம் உள்ள வந்திருக்கு.

அண்ணாச்சி கணக்குக்கு வருவோம். லாபம் 6 லட்சம். அதுல தேய்மானம்னு 1 லட்சம் கழிச்சிருக்கோம், மிஷின் பழசாகுறதுக்காக எழுதுறது, யாருக்கும் காசா குடுக்கல, அதனால திருப்பிக் கூட்டு, 7. பார்ட்டிங்க கிட்ட வர வேண்டிய பாக்கி 2 லட்சத்துல இருந்து 7 லட்சமாச்சு, அங்க 5 போச்சு. சரக்கு 3ல இருந்து 6, இன்னொரு 3. உளுந்து மண்டிக்கும் மத்தவங்களுக்கும் குடுக்க வேண்டியது 2ல இருந்து 3.5, அவங்க பொறுத்துக்கிட்ட அந்த 1.5 நமக்கு வரவு மாதிரி. கூட்டிக் கழிச்சா ஏவாரத்துல இருந்து உண்மையா வந்த காசு அம்பதாயிரம், அதாவது 0.5 லட்சம். நான் எப்பவும் மொதல்ல பாக்குறது இந்த ஒத்த வரிதான்.

கேஷ் ஃப்ளோவுல மிச்சம் ரெண்டு பகுதி, சொத்து வாங்குனது ஒண்ணு, கடனும் சொந்த முதலும் வந்துபோனது ஒண்ணு, ரெண்டும் சின்னது. புதுசா டிரையர் வாங்குனதுல 4 லட்சம் போச்சு. பேங்க் லோன் 5 வந்துது, பழைய லோன் அசல் 1 கட்டுனாரு, வீட்டுச் செலவுக்கும் மக கல்யாணத்துக்கும் 3 எடுத்தாரு, அது ஏவாரச் செலவு இல்ல, அவரோட சொந்த முதலீட்டுல இருந்து எடுத்தது, அதான் லாபத்துல தெரியல. ஆக 0.5, கழித்தல் 4, கூட்டல் 1, வருஷத்துல 2.5 லட்சம் கொறஞ்சிருக்கு. ஆரம்பத்துல 3 இருந்துது, இப்போ 0.5. பேங்க் பாஸ்புக்கோட டாண்ணு ஒத்துப்போச்சு.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ லோன் வாங்கலன்னா?"ன்னாரு. நாலரை லட்சம் தட்டுப்பாடு, வேறென்ன.

நோவு எங்கன்னு பாத்தா பாக்கிலதான். போன வருஷம் 24 லட்சம் வித்து 2 லட்சம் பாக்கி, அதாவது 30 நாள் வியாபாரம் வெளிய நிக்குது. இந்த வருஷம் 36 லட்சம் வித்து 7, கணக்குப் போட்டா 71 நாள். வியாபாரம் ஒன்றரை மடங்கு, பாக்கி மூணரை மடங்கு. வளர்ச்சியில பாக்கி கூடுறது வேற, வசூல் சுணங்குறது வேற, இந்த நாள் கணக்குதான் ரெண்டையும் பிரிச்சுக் காட்டும்.

இந்த போட்டோவுலயும் ஏமாத்து உண்டு பாத்துக்கோங்க. மண்டிக்குக் குடுக்க வேண்டியத ஏப்ரல் 2 வரைக்கும் இழுத்தா மார்ச் 31ல பேங்க் நல்லா கொழுத்துத் தெரியும். சரக்கு 6 லட்சம்ங்கிறது வாங்குன, செஞ்ச வெலை, அதுல ஐப்பசி மழையில நமுத்துப்போன பாக்கெட் எத்தனைன்னு தாள்ல இருக்காது, குடோனுக்குப் போயி எண்ணணும், விக்கிற வெலை அடக்கத்துக்குக் கீழ போயிருந்தா அந்தக் கொறஞ்ச வெலைதான் போடணும், அப்போ லாபமும் இறங்கும். அண்ணாச்சி குடோன்ல நாங்க எண்ணுனப்போ நாப்பதாயிரம் ரூவாய்க்கு அப்படிக் கெடந்துது.

பாக்கி லிஸ்ட்டப் பிரிச்சு 30 நாள், 60 நாள், அதுக்கு மேலன்னு எழுதுனோம். 7 லட்சத்துல 2.8 லட்சம் ஒரே பார்ட்டி, தொண்ணூறு நாளத் தாண்டிருச்சு. சின்னத் தொழிலுக்கு அரசாங்கம் குடுக்குற உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் வச்சிருக்குற சின்ன உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு 2006ம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டத்துல இருக்கு, தாண்டுனா கூட்டு வட்டி வேற. அண்ணாச்சி கிட்ட ரெஜிஸ்ட்ரேஷன் இருந்துது, இந்த சங்கதி தெரியல. அங்கனயே உக்காந்து அந்தப் பார்ட்டிக்கு போன் போட்டாரு, வட்டியப் பத்தி ஒரு வார்த்த பேசல, "பழசு தீராம அடுத்த லோடு ஏறாது"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டாரு.