தராசு காட்டாத 200 கிராம்

"எடையைக் குறைக்க வேண்டும்" என்று வெளிநோயாளி அட்டையில் எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை வரும்போது எதைச் சரிபார்ப்பது? அதனால்தான் நல்ல மருத்துவர் இலக்கை எண்ணாக எழுதுகிறார்.

80 கிலோ எடையும் 158 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட 42 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு நீரிழிவின் விளிம்பில் நிற்கும் சர்க்கரை அளவு. 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் வைத்த இலக்கையே இவருக்கும் வைக்கலாம்: 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட நடை. அதாவது ஆறு மாதத்தில் 5.6 கிலோ. அந்த ஆய்வில் இந்த வழியைப் பின்பற்றிய குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது.

வாரக் கணக்கில் பார்த்தால் இது ஏறக்குறைய 200 கிராம்தான். ஆனால் உப்பு மிகுந்த ஒரு கல்யாண விருந்துக்கு மறுநாள், உடலில் தங்கும் நீரால் மட்டுமே எடை ஒரு கிலோ கூடிவிடும். திங்களன்று 79.1 காட்டிய தராசு வியாழனன்று 80.3 காட்டினால், மனம் உடைந்து பலர் திட்டத்தையே கைவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடம்தான். கொழுப்பு குறைந்துகொண்டிருக்கும்போதே தோற்றுவிட்டதாக நம்பிவிடுகிறார்கள்! தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், வெறும் வயிற்றில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிட வேண்டும். நம் பெண்ணின் சராசரி 80.0, 79.6, 79.3, 78.9 என இறங்குகிறது. விருந்து அதில் கரைந்துபோகிறது.

எடை பின்னால் வரும் விளைவு. முன்கூட்டியே பேசுவது செயல் குறிப்பேடு. எத்தனை நாள் நடந்தார், முடிவு செய்தபடி இரவில் மூன்று இட்லியோடு எத்தனை நாள் நிறுத்தினார் என்று அதில் குறிக்கிறார். ஆறாவது வாரத்திலும் சராசரி 78.9இலேயே நின்றது. குறிப்பேட்டைத் திறந்தால், ஐந்து நாள் நடையில் இரண்டுதான் நடந்திருக்கிறது. வேலை நேரம் மாறி, வீடு திரும்ப இரவாகிவிடுகிறது. ஆகவே உணவை மேலும் குறைக்கச் சொல்வது தவறு. நடையைக் காலையில் 15, மதிய உணவுக்குப் பின் 15 நிமிடம் எனப் பிரித்தார்கள். குறிப்பேடு நிறைந்திருந்தும் எடை அசையவில்லை என்றால் மட்டுமே உணவின் அளவு, தைராய்டு, எடை கூட்டும் மாத்திரைகள் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை அளந்தால் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது எல்லை. நாடா ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் இருந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பொய்யாகக் கூடவோ குறையவோ செய்யும்.

கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்பவை. அவற்றில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. ஒரே மாதத்தில் எடுத்தால், திட்டம் தொடங்குவதற்கு முந்தைய நாட்களின் சர்க்கரையும் அந்த எண்ணில் கலந்திருக்கும்.