நாட்காட்டி முறை இல்லை, தொடக்கநாள் முறை

எக்செல்லில் `Use 1904 date system` என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. பெங்களூரில் எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவில் பாதிப் பேர் தமிழ்க்காரர்கள், அவர்கள் கையில் சுற்றும் பயிற்சிக் குறிப்பு இதை ‘1904 நாட்காட்டி முறை’ என்கிறது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

தேதி என்ற சொல் திதியிலிருந்து வந்தது, அதோடு எனக்குச் சண்டை இல்லை. நாட்காட்டிதான் பிரச்சினை. இங்கே இரண்டு நாட்காட்டிகளே கிடையாது, இரண்டு பக்கமும் அதே ஜனவரி, அதே ஆகஸ்ட். எக்செல் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை, ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்று வெறும் எண்ணாக வைத்துக்கொள்கிறது. ஒரு முறையில் 1900 ஜனவரி 1 என்பது எண் 1. பழைய மேக் எக்செல்லில் வழக்கமாக இருந்த இன்னொன்றில் 1904 ஜனவரி 1 என்பது எண் 0. மாறுவது தொடக்கம் மட்டும்தான். அதனால் ‘தொடக்கநாள் முறை’ என்பதே சரி. ‘தேதி வடிவம்’ என்பவர்கள் இன்னும் மோசம், அதை நம்பி நாள்-மாத வரிசையை மாற்றிப் பார்த்து அரை நாளை வீணாக்குகிறார்கள். மொழிபெயர்ப்பவர்கள் அந்தப் பெட்டியை ஒரு தடவை தட்டிப் பார்த்திருந்தாலே போதும்.

1904 முறையில் இருக்கும் எக்செல் புத்தகத்தில் 15-08-2023 என்று இருக்கும் செல்லுக்குள் இருப்பது 43691. அதை 1900 முறையில் இருக்கும் புத்தகத்தில் ஒட்டினால் எண் அப்படியே வரும், தேதி மட்டும் 14-08-2019 ஆகிவிடும். நாலு வருஷத்தோடு ஒரு நாளும் சேர்ந்து குறைந்தால் இதுதான் காரணம். இரண்டு இடத்திலும் செல்லை `General` ஆக்கிப் பாருங்கள், ஒரே எண் தெரியும்.

வித்தியாசம் 1462 நாள். நிஜத்தில் அந்த நாலு வருஷத்துக்கு 1460 நாள்தான், 1900 லீப் வருஷம் இல்லை. ஆனால் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளுக்கு ஒத்துப்போக எக்செல் இல்லாத பிப்ரவரி 29-ஐ 1900-இல் சேர்த்துக்கொண்டது, அது ஒன்று. ஒரு முறை 1-இலும் மற்றது 0-இலும் தொடங்குவது இன்னொன்று.

திருத்த, காலி செல்லில் 1462 என்று அடித்து காப்பி செய்து, கெட்டுப்போன தேதிகளைத் தேர்ந்தெடுத்து `Paste Special`-இல் `Values`, `Add` இரண்டையும் வைத்து ஒட்டுங்கள். பக்கத்து நெடுவரிசையிலேயே செய்வதானால்:

```
=A2+1462
```

எதிர்த் திசையில் போயிருந்தால் தேதி நாலு வருஷத்தோடு ஒரு நாள் கூடியிருக்கும், 1462-ஐக் கழியுங்கள். நேரம் மட்டும் உள்ள செல்களையும், மற்ற தேதி செல்லிலிருந்து கணக்கிடும் சூத்திரங்களையும் தொடாதீர்கள், சூத்திரத்தில் கூட்டினால் இரண்டு தடவை நகரும். எழுத்தாக அடித்த தேதிகள் நகர்ந்தே இருக்காது.

சரி, ஏற்கெனவே நிரம்பிய புத்தகத்தில் அந்த டிக்கை யாரோ மாற்றியதால் எல்லாம் நகர்ந்திருந்தால் கூட்டவே வேண்டாம், டிக்கைப் பழையபடி வைத்தால் போதும். ‘நாட்காட்டி’ என்று படித்துவிட்டுத்தான் அதைத் தட்டுகிறார்கள்.