ஒரு கால் எலும்பை வைத்து இனம் சொல்ல முடியுமா?

அடையாளம் தெரியாத எலும்புகளை அளந்து, அவை யாருடையவையாக இருக்கலாம் என்று கண்டுபிடிக்க உதவுவது என் வேலை. ஆணா பெண்ணா, வயது என்ன, உயரம் எவ்வளவு என்று கேட்பார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள். எலும்பில் ஓரளவுக்குப் பதில் இருக்கிறது. அப்புறம் நான்காவதாக ஒன்று வரும்: "என்ன இனம் சார்?" கையும் காலும் நீளமாக இருந்தால் ஆப்பிரிக்கர், கட்டையாக இருந்தால் பனிப்பிரதேசத்துக்காரர் என்று எங்கோ படித்திருப்பார்கள். அதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் மீதிப் பாதியை நம்ப வைத்துவிடுகிறது என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

உண்மையான பாதி இது. உடம்பு ஓயாமல் வெப்பத்தை உண்டாக்குகிறது. அது தோல் வழியாக வெளியேற வேண்டும். எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகமாக இருந்தால் வெப்பம் சுலபமாக வெளியேறும், குறைவாக இருந்தால் உள்ளேயே தங்கும். விலங்குகளில் இதை 1847-இல் பெர்க்மன் என்ற ஜெர்மன் உயிரியலாளர் கவனித்தார்: நெருங்கிய உறவுள்ள விலங்குகளில், குளிர்ப் பகுதியில் வாழ்பவை பெரிய உடம்போடு இருக்கின்றன. 1877-இல் ஆலன் என்ற அமெரிக்கர் இன்னொன்றைச் சேர்த்தார்: குளிரில் காது, வால், கால் போன்ற நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகள் குட்டையாகின்றன. மனிதர்களின் சராசரியிலும் இந்த இரண்டு போக்குகளும் தெரிகின்றன.

கால் விஷயத்தில் இதைக் காட்டும் அளவு மிக எளிமையானது. முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பின் நீளத்தைத் தொடை எலும்பின் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். ஆர்க்டிக் பகுதி மக்களின் சராசரி 80-ஐ ஒட்டி வரும். ஐரோப்பியர்களுக்கு 82, 83. வெப்பமண்டல ஆப்பிரிக்க மக்களுக்கு 85, 86. அதாவது வெப்பமான இடங்களில் கணைக்கால், தொடையோடு ஒப்பிட்டால் சற்று நீளம். 1981-இல் எரிக் டிரிங்காஸ் இந்த விகிதத்தை ஆண்டுச் சராசரி வெப்பநிலையோடு பொருத்திக் காட்டினார். பொருத்தம் நன்றாகவே இருந்தது.

இந்த மூன்று எண்களைப் பார்த்ததும் மூன்று இனங்கள் என்று எழுதிவிடத் தோன்றும். எழுதுவதற்கு முன்னால் எலும்பை அளக்கும் பலகையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

ஒரு ஆணின் தொடை எலும்பு 45 செ.மீ., கணைக்கால் எலும்பு 37.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 83.3. உயரத்தைக் கணக்கிட நிறையப் பேர் இன்னும் கையில் எடுப்பது டிராட்டர், கிளெசர் இருவரும் 1952-இல் வெளியிட்ட சூத்திரங்களைத்தான். அவற்றில் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். முதல் சூத்திரப்படி 45 செ.மீ. தொடை எலும்புக்கு 168.5 செ.மீ. உயரம். இரண்டாவதன்படி 165.3 செ.மீ. வித்தியாசம் 3.2 செ.மீ. ஆனால் அந்தச் சூத்திரங்களோடு அச்சிட்டிருக்கும் பிழை அளவே முதலாவதுக்கு 3.27, இரண்டாவதுக்கு 3.94 செ.மீ. நம்பகமாகச் சொல்ல அதை இரட்டிப்பாக எடுத்துக்கொள்வோம். அப்போது ஒன்றின் வரம்பு 162 முதல் 175 வரை, மற்றதன் வரம்பு 157 முதல் 173 வரை. இரண்டும் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன.

இனி கணைக்கால் எலும்புக்கு வருவோம். அதே "வெள்ளையர்" சூத்திரத்தில் 37.5 செ.மீ.-ஐப் போட்டால் 173.1 செ.மீ. வருகிறது. ஒரே ஆள், தொடை 168.5 என்கிறது, கணைக்கால் 173.1 என்கிறது. இந்த இடத்தில்தான் பலர் தடுமாறி, "கணைக்கால் நீளமாக இருக்கிறது, அப்படியானால் வேறு இனம்" என்று போய்விடுகிறார்கள்.

காரணம் வேறு. கணைக்கால் எலும்பின் கீழ்நுனியில், கணுக்காலின் உள்பக்கம் புடைத்துத் தெரியும் முண்டு ஒன்று உண்டு. உங்கள் காலிலேயே தொட்டுப் பார்க்கலாம். எலும்பைப் பலகையில் கிடத்தும்போது அந்த முண்டையும் சேர்த்து அளக்கிறோமா, அதை விட்டுவிட்டு மூட்டுப் பரப்பு வரை மட்டும் அளக்கிறோமா என்பதைப் பொறுத்து நீளம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மாறும். 1952 கட்டுரை, முண்டையும் சேர்த்து அளந்ததாகச் சொன்னது. 1990-களில் ஜான்ட்ஸும் அவருடைய குழுவினரும் அந்தச் சூத்திரங்களுக்குப் பயன்பட்ட சேகரிப்பின் எலும்புகளைத் திரும்ப அளந்து பார்த்தபோது, உண்மையில் முண்டு விடுபட்டிருந்தது தெரிந்தது. கட்டுரையைப் படித்து அதில் சொன்னபடியே அளந்தவர்கள் எல்லாரும் உயரத்தை இரண்டரை, மூன்று செ.மீ. கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நம் எலும்பில் 1.1 செ.மீ.-ஐக் கழித்துவிட்டு 36.4 என்று போட்டுப் பாருங்கள். உயரம் 170.3 செ.மீ. இப்போது தொடையும் கணைக்காலும் பிழை எல்லைக்குள் ஒத்துப்போகின்றன. ஆனால் விகிதத்தைக் கவனியுங்கள்: 83.3-ஆக இருந்தது 80.9 ஆகிவிட்டது. எலும்பு அதேதான், ஆளும் அதே ஆள்தான். முண்டைச் சேர்த்தால் ஐரோப்பியச் சராசரி, விட்டுவிட்டால் ஆர்க்டிக் சராசரிக்குப் பக்கம். உலகம் முழுவதன் சராசரிகளும் ஆறேழு புள்ளிக்குள் அடங்குகிற ஓர் அளவில், அளக்கும் முறை மட்டுமே இரண்டரைப் புள்ளியை நகர்த்திவிடுகிறது. அதனால் யாராவது இந்த விகிதத்தைக் காட்டினால் நான் முதலில் கேட்பது, முண்டு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்றுதான்.

சரி, அளவைச் சரியாகவே எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இனம் கிடைக்காது. ஏனென்றால் இந்த அளவு ஆட்களைச் சேர்க்கிற விதம் உறவுமுறையைப் பின்பற்றுவதில்லை. வடக்கு ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்களும் ஆர்க்டிக் அமெரிக்காவின் இனுயிட் மக்களும் மிக வேறுபட்ட வரலாறு கொண்டவர்கள். கணைக்கால் இரு தரப்புக்கும் குட்டை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளும் கிழக்கு ஆப்பிரிக்க மக்களும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்தனி வழியில் வந்தவர்கள். இரு தரப்புக்கும் கால் நீளம். காலை வைத்து மட்டும் பிரித்தால் சொந்தக்காரர்கள் பிரிந்து போவார்கள், சம்பந்தமே இல்லாதவர்கள் ஒரே கூட்டில் உட்காருவார்கள்.

உடற்கட்டிலும் இதே கதைதான். கிறிஸ்டோபர் ரஃப் மனித உடம்பை ஓர் உருளையாக எண்ணிப் பார்த்தார். உருளையின் அகலத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும் கூட்டினால் பக்கவாட்டுப் பரப்பும் எடையும் சேர்ந்தே கூடும், விகிதம் மாறாது. அகலத்தைக் கூட்டினால்தான் எடை பரப்பை முந்திக்கொண்டு போகும். ஆக, வெப்பத்தைத் தீர்மானிப்பது உடம்பின் அகலம். உயரம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். நைல் நதிப் பகுதியின் மிக உயரமான மக்களுக்கும், மத்திய ஆப்பிரிக்க மழைக்காடுகளின் மிகக் குள்ளமான மக்களுக்கும் இடுப்பு ஒடுங்கியிருப்பது இதனால்தான். ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாது. உயரமாக வளர்ந்து தோலைக் கூட்டினாலும் பெரிய பயன் இல்லை. அங்கே சிறிய உடம்பு, குறைந்த வெப்ப உற்பத்தி என்பது நல்ல வழி. ஆப்பிரிக்க உடம்பு என்று ஒற்றை வடிவத்தை மனதில் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு மக்களையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, காலின் நீளம் பிறக்கும்போதே முடிவாகிவிடுவதும் இல்லை. குவாத்தமாலாவின் மாயா குடும்பங்களிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்களின் பிள்ளைகளை பேரி போகின் அளந்தார். குவாத்தமாலாவில் வளர்ந்த மாயா பிள்ளைகளைவிட அவர்கள் சராசரியாக 11 செ.மீ.-க்கு மேல் உயரம். அதில் ஏழு செ.மீ. அளவுக்குக் காலிலிருந்து மட்டும் வந்தது. சாப்பாடும் சுகாதாரமும் மாறியது, ஒரே தலைமுறையில் கால் நீண்டுவிட்டது. வெப்பமும் நேரடியாக வேலை செய்யும்: 2008-இல் மரியா செரட் குழு ஒரே வளர்ப்பு வகைச் சுண்டெலிகளை 7, 21, 27 டிகிரி என்று வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்தது. வெதுவெதுப்பில் வளர்ந்தவற்றுக்குக் காலும் வாலும் நீளமாக இருந்தன. உடலின் ஓரங்களில் இருக்கும் வளர்குருத்தெலும்பு குளிர்ந்திருந்தால் மெதுவாக வளர்கிறது.

இதைச் சொன்னதும் சிலர், அப்படியானால் எல்லாம் வளர்ப்புதான், பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். அதுவும் சரியில்லை. சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்து ஐரோப்பாவில் வாழ்ந்த ஹோமோ சேப்பியன்ஸ் மனிதர்களின், அதாவது நம் எல்லாரையும் போன்ற நவீன மனிதர்களின் எலும்புகளில் கணைக்கால், இன்றைய ஐரோப்பியர்களுக்கு இருப்பதைவிட நீளமாக இருக்கிறது. வெப்பமான நிலங்களிலிருந்து வந்தவர்கள். குளிரில் பல தலைமுறை கழிந்தும் அந்த வடிவம் சட்டென்று போகவில்லை. அதே ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்த நியாண்டர்தால்கள் என்ற மறைந்துபோன மனித வகையினருக்கோ கணைக்கால் குட்டை. ஆக, கால் எலும்பு ஒன்றில் பழைய வரலாறும், அண்மைய தட்பவெப்பமும், பிள்ளைப் பருவச் சாப்பாடும் கலந்து கிடக்கின்றன. கலந்த பிறகு, தனி ஓர் ஆளின் எலும்பிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது. சராசரிகள் சூடான இடத்திலிருந்து குளிரான இடம் வரை கொஞ்சம் கொஞ்சமாக மாறுகின்றன. இங்கே ஓர் இனம் முடிகிறது என்று கோடு போட ஒரு இடமும் கிடைப்பதில்லை.

இது என்னைப் பொறுத்தவரை வெறும் கொள்கைப் பேச்சு இல்லை. நம் எலும்புக்குக் கறுப்பினம் என்று குறித்து 165 செ.மீ. என்ற ஒற்றை எண்ணை எழுதிவிட்டால், காணாமல் போனோர் பட்டியலில் 172 செ.மீ. என்று பதிவான ஒருவருடைய கோப்பை யாரும் திறக்கக்கூட மாட்டார்கள். அவருடைய வீட்டார் இன்னும் காத்துக்கொண்டிருப்பார்கள். இத்தனைக்கும் அந்தச் சூத்திரங்கள் பிறந்தது, போரில் இறந்த அமெரிக்கப் படைவீரர்களிடமிருந்தும் ஒரு பிணச் சேகரிப்பிலிருந்தும்தான். அதில் "கறுப்பினத்தவர்" என்று குறிக்கப்பட்டவர்களில் பலர் ஆப்பிரிக்க, ஐரோப்பிய மூதாதையர் இருவரையும் கொண்டவர்கள். அந்தச் சூத்திரம் அந்த மாதிரியைத்தான் விவரிக்கிறது.

அதனால் என் அறிக்கையில் இனம் என்ற கட்டத்தில் "இந்த எலும்புகளிலிருந்து சொல்ல இயலாது" என்று எழுதுகிறேன். உயரத்துக்கு 157 முதல் 175 செ.மீ. வரை என்று முழு வரம்பையும் தருகிறேன். எந்தச் சூத்திரம், யாரிடமிருந்து எடுத்தது, கணைக்கால் முண்டைச் சேர்த்து அளந்தேனா என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுகிறேன். அந்த வரம்பில் வரும் எல்லாக் கோப்புகளையும் எடுத்து, பல் பதிவு, பழைய எலும்பு முறிவு, குடும்பத்தாரின் டிஎன்ஏ என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும்படி விசாரணை அதிகாரியிடம் சொல்கிறேன்.