120 ஸ்லைடுகளை எங்கே வெட்டுவது?

ஒரு பேக்கிங் ஆலையில் புதிதாகச் சேரும் ஃபிட்டர்களுக்கு ஒரு பவர்பாயின்ட் காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழுதுபார்க்கும்போது யாரும் தெரியாமல் இயந்திரத்தை ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, அட்டை மாட்டும் முறை அது. 'லாக்அவுட் டேக்அவுட்' என்பார்கள். 120 ஸ்லைடு, மூன்று மணி நேரம். இதை ஐந்து நிமிடப் பாடங்களாக்கச் சொன்னால், பலர் பத்துப் பத்து ஸ்லைடாக நறுக்கிப் பன்னிரண்டு கோப்புகளாகச் சேமித்துவிடுவார்கள். அது பழைய பாடம்தான், நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது, அவ்வளவே.

2001-இல் கல்வி உளவியலாளர்கள் ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் செய்த சோதனை ஒன்று இங்கே உதவும். மின்னல் எப்படி உண்டாகிறது என்று விளக்கும் 140 நொடி அசைபடத்தை அவர்கள் 16 துண்டுகளாக்கினார்கள். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் படம் நிற்கும், மாணவர் பட்டனை அழுத்தினால்தான் அடுத்தது வரும். அப்படி நின்று நின்று பார்த்தவர்கள், கற்றதைப் புதிய கேள்விக்குப் பயன்படுத்துவதில் முந்தினார்கள். துண்டுகளை எங்கே வெட்டினார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓரிரு வாக்கியம், ஒரே ஒரு மாற்றம். ஒரே நேரத்தில் மனதில் ஏந்திக்கொள்ளக்கூடிய புதிய விஷயங்கள் நாலைந்துதான். அவை ஒன்றோடொன்று சேர்ந்து உட்கார, அடுத்தது வருவதற்குள் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

நம் ஸ்லைடுகளுக்கு வருவோம். அவற்றை அச்சிட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'இதைப் பார்த்தவர் இயந்திரத்தின் முன்னால் என்ன செய்வார்?' என்ற கேள்விக்குப் பதிலைப் பென்சிலால் எழுத வேண்டும். 'தன் பூட்டைத் தானே போடுவார், சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டார்' என்ற பதில் ஆறு ஸ்லைடுகளுக்கு வந்தால், அந்த ஆறும் ஒரு பாடம், அவை 14-ஆம் பக்கத்திலும் 88-ஆம் பக்கத்திலும் சிதறிக் கிடந்தாலும். நிறுவன வரலாறு, கொள்கை அறிக்கை, வரவேற்புப் படங்கள் போன்றவற்றுக்குப் பதிலே வராது. அவற்றைத் தூக்கிவிடுங்கள். அந்த ஸ்லைடைத் தயாரித்தவர் பக்கத்தில் நிற்காத நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது.

அடுத்த வேலை, பாடத்தைத் தன் காலில் நிற்க வைப்பது. 'முன்பு பார்த்தபடி', 'மேலே சொன்ன வால்வு' போன்ற சொற்களைத் தேடிப் பிடியுங்கள். 9-ஆம் ஸ்லைடில் விளக்கிய ஒரு சுருக்கெழுத்து 71-இல் விளக்கமில்லாமல் வந்தால், அங்கேயும் ஒரு வரி சேர்க்க வேண்டும். எந்தப் பாடத்தையும் படிக்காத ஒருவரிடம் நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கொடுங்கள். அவர் முதல் கேள்வி கேட்கும் இடத்தில்தான் பாடம் இன்னும் பழைய கோப்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சுருக்கத்தைக் கடைசியில் எழுதுவதுதான் வழக்கம். நான் முதலில் எழுதச் சொல்வேன். 'சோதித்துப் பார்ப்பதன் முக்கியத்துவத்தை அறிந்தோம்' என்பது சுருக்கமல்ல, தலைப்பைக் கொஞ்சம் நீட்டியது. 'பூட்டியதும் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். இயந்திரம் ஓடக் கூடாது. பிறகு சுவிட்சை மறுபடி ஆஃப் நிலைக்குக் கொண்டுவாருங்கள்' என்பதுதான் சுருக்கம். பாடத்தைப் பார்க்காதவர்கூட இதை வைத்து அந்த வேலையைச் செய்துவிடலாம். இப்படி எழுத வராமல் 'அது மட்டுமல்லாமல்' என்று பேனா நீண்டால், உள்ளே இரண்டு பாடம் இருக்கிறது.

சரி, எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா? முடியாது. மெயின் சுவிட்சைப் பூட்டினாலும் காற்றழுத்த சிலிண்டருக்குள் காற்று அடைபட்டிருக்கும். மின்சாரம் இல்லாமலேயே அது தள்ளுதண்டை உதைத்துத் தள்ளி விரலை நசுக்கும். மூன்று மணி நேரப் பாடத்தில், தூக்கக் கலக்கத்திலாவது, பூட்டுவதை அடுத்துக் காற்றை வெளியேற்றுவது வந்துவிடும். துண்டாக்கிய பிறகு 'பூட்டுவது எப்படி' என்பதை மட்டும் பார்த்துவிட்டு ஒருவர் வேலைக்குப் போகலாம், அதுவும் பச்சை டிக் வாங்கிக்கொண்டு.

அதனால் அந்த இரண்டையும் ஒரே பாடமாக வைத்துவிட வேண்டும், ஏழு நிமிடம் ஆனாலும் சரி. நீளம் தாங்காமல் பிரித்தே தீர வேண்டும் என்றால், முதல் பாடத்தின் சுருக்கம் இந்த வரியில் முடியட்டும்: 'பூட்டியாயிற்று. இன்னும் கை வைக்காதீர்கள். சிலிண்டரில் காற்று இருக்கிறது.'

வெட்டு சரியாக விழுந்ததா என்பதைத் திரைக் கேள்விகள் சொல்லாது. ஒரு வாரம் கழித்து ஃபிட்டரை கன்வேயர் அருகே அழைத்துப் போய், 'செய்து காட்டுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு, பூட்டிய பிறகு அவர் கை முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். காற்றை வெளியேற்றும் வால்வுக்குப் போகாமல் பெல்ட்டுக்குப் போனால், வெட்டிய இடம் தப்பு.