பயிற்சியாளரை மாற்றும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

சம்பா அறுவடை முடிந்ததும் தொடங்கும் எங்கள் தஞ்சை வட்டாரக் கால்பந்து லீக்கில், நான் ஆட்டக் குறிப்பு எழுதும் அணி ஒன்பது ஆட்டங்களில் ஏழே புள்ளிகளுடன் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தபோது, பயிற்சியாளரை நீக்கிவிடலாம் என்று குழுவினர் ஏறக்குறைய முடிவு செய்திருந்தனர். "தம்பி, பட்டியலே சொல்லுதே, இதுக்கு மேல என்ன கணக்கு?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவருக்கு ஓர் ஆட்டத்தை மட்டும் எடுத்து விளக்கினேன்.

கோல் நோக்கிய ஒவ்வோர் உதைக்கும், அது அடிக்கப்பட்ட தொலைவையும் கோணத்தையும் கொண்டு, கோலாகும் வாய்ப்பை மதிப்பிடலாம். பெனால்டிக்கு அது ஏறத்தாழ 0.76. அந்த ஆட்டத்தில் எங்களுக்கு 0.4, 0.3 மதிப்புள்ள இரண்டு நல்ல வாய்ப்புகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. எதிரணிக்குக் கிடைத்தது தொலைவிலிருந்து அடித்த 0.05 மதிப்புள்ள ஒரே உதை, அது கோலானது. இதே வாய்ப்புகளுடன் அந்த ஆட்டத்தை நூறு முறை ஆடினால் நாங்கள் சுமார் 56 முறை வெல்வோம், 42 முறை டிரா ஆகும், இரண்டு முறைதான் தோற்போம். வெற்றிக்கு மூன்று, டிராவுக்கு ஒன்று என்று பெருக்கிக் கூட்டி நூறால் வகுத்தால் எங்கள் எதிர்பார்ப்புப் புள்ளி சுமார் 2.1, எதிரணியினுடையது 0.5. கிடைத்ததோ எங்களுக்குச் சுழியம், அவர்களுக்கு மூன்று.

ஒன்பது ஆட்டங்களையும் இப்படிக் கூட்டியபோது எங்களுக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அந்த ஐந்து புள்ளிகளையும் துரதிர்ஷ்டம் என்று எழுதிவிட்டுப் போவது தவறு என்பதே என் அனுபவம். வித்தியாசம் கோல் அடிப்பதில் விழுந்ததா, வாங்குவதில் விழுந்ததா என்று பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். அடித்த கோல்கள் மதிப்பீட்டை ஒட்டியே இருந்தன; வாங்கியவை மட்டும் ஒன்பதுக்குப் பதிலாகப் பதினான்கு. கைப்பேசிப் பதிவுகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது, அதிகப்படியானவற்றில் நான்கு ஒரே மாதிரி விழுந்திருந்தன: கோல்கீப்பர் அருகிலுள்ள கம்பத்தை ஒட்டியே நிற்க, பந்து தூரத்துக் கம்பத்தின் ஓரமாக உள்ளே போயிருந்தது. அது அதிர்ஷ்டக் குறைவு அல்ல, நிற்கும் இடத்தின் பிழை.

பட்டியலில் மேலே உள்ள அணிகளையும் இதே கண்ணுடன் பார்க்க வேண்டும். ஆனால் முன்னிலை பெற்றதும் பின்வாங்கித் தற்காக்கும் அணி எதிரணிக்கு நிறைய உதைகளை விட்டுக்கொடுப்பதால், உண்மையில் கட்டுப்பாட்டுடன் ஆடியிருந்தாலும் கணக்கில் அதிர்ஷ்டசாலிபோலத் தெரியும். ஆகவே கோல் விழுந்த நிமிடத்தையும் சேர்த்துக் குறித்துவைப்பது நல்லது. ஒன்பது ஆட்டங்கள் என்பதும் சிறிய எண்ணிக்கைதான். 2014-15 பருவத்தில் யுர்கன் க்ளோப் பயிற்றுவித்த போருசியா டோர்ட்முண்ட் அணி, 17 ஆட்டங்களில் 15 புள்ளிகளுடன் ஜெர்மனியின் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்து, பருவம் முடியும்போது ஏழாம் இடத்துக்கு வந்தது.

குழு பயிற்சியாளரை நீக்கவில்லை. மறுநாள் மாலையிலிருந்து கோல்கீப்பருக்கு நிற்கும் இடம் தெரியக் கோல் முகப்பில் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தனிப் பயிற்சி தொடங்கினோம்.