சிகரெட்டும் மதுவும் சேர்ந்தால் தொண்டையில் என்ன நடக்கிறது?

வாய், தொண்டைப் புற்றுநோய் பற்றி அமெரிக்காவில் 1988இல் வெளியான ஒரு ஆய்வின் கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இரண்டு பழக்கமும் இல்லாதவரின் ஆபத்தை 1 என்று வைத்துக்கொண்டால், குடிக்காமல் கடுமையாகப் புகைப்பவருக்கு அது ஏறக்குறைய 7. புகைக்காமல் அதிகமாகக் குடிப்பவருக்கு 6 அளவில். இரண்டும் உள்ளவருக்கு எவ்வளவு இருக்கும்? புகை கூட்டுவது 6, மது கூட்டுவது 5, அடிப்படை 1, ஆக 12 என்றுதான் தோன்றும். ஆனால் தினமும் இரண்டு பாக்கெட்டோ அதற்கு மேலோ சிகரெட்டும், நான்கு கிளாஸுக்கு மேல் மதுவும் பழக்கமானவர்களிடம் கிடைத்த எண் 35ஐத் தாண்டியது. அதாவது, இங்கே இரண்டு ஆபத்துகளும் ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன.

காரணம் மது உடையும் விதத்தில் இருக்கிறது. உடல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது மரபணுவோடு ஒட்டிக்கொண்டு அதைக் கெடுக்கும் பொருள். இன்னொரு நொதி அதை உடனே பாதிப்பில்லாத அசிட்டேட்டாக மாற்ற வேண்டும். கல்லீரல் இந்த இரண்டாவது வேலையை வேகமாக முடித்துவிடும். வாயிலோ கிருமிகளே மதுவை அசிட்டால்டிஹைடாக்கிவிடுகின்றன. அதை அகற்றும் திறன் அங்கே குறைவு. எனவே எச்சிலில் அதன் அளவு ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாகிறது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த எச்சில் தொண்டையையும் உணவுக்குழாயையும் நனைத்தபடி இறங்குகிறது.

புகைப்பவரின் எச்சில் அதே அளவு மதுவிலிருந்து இன்னும் அதிக அசிட்டால்டிஹைடை உண்டாக்குகிறது. புகையிலும் அது இருக்கிறது. போதாததற்கு, தொடர்ந்து குடிப்பவரின் உடலில் சிஒய்பி2இ1 என்ற நொதி பெருகும். புகையிலையிலுள்ள சில நைட்ரோசமைன்களைப் புற்றுநோய் உண்டாக்கும் வடிவத்துக்கு மாற்றுவதில் இதற்கும் பங்குண்டு. நைட்ரோசமைன்கள் மெல்லும் புகையிலையிலும் உண்டு. புகைக்காமல் மெல்பவர் தப்பிவிட்டதாக நினைக்கக் கூடாது.

குடித்ததும் முகம் சிவந்து சூடேறுகிறவர்கள் சிலர், குறிப்பாகக் கிழக்காசியர்களில் பலர், அசிட்டால்டிஹைடை அசிட்டேட்டாக மாற்றும் நொதி பலவீனமாகப் பிறந்தவர்கள். அவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து மிகவும் கூடும். அந்தச் சிவப்பு உடல் தரும் எச்சரிக்கை. பழகப் பழகச் சிவப்பது குறையலாம், நொதி திருந்துவதில்லை.

இதுவரை சொன்னது, உட்சவ்வின் தட்டையான செல்களில் தோன்றும் செதிள் செல் புற்றுநோயைப் பற்றியது. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் வரும் சுரப்பிச் செல் புற்றுநோயில் புகைக்குப் பங்குண்டு. மதுவுக்குத் தெளிவான தொடர்பு காணப்படவில்லை.

உணவுக்குழாய் நன்றாக விரிந்து கொடுக்கும். அதனால் கட்டி கணிசமாக வளர்ந்த பிறகே அடைப்பு தெரியும். முதலில் சோறு, இறைச்சி போன்ற கெட்டி உணவு நெஞ்சில் நிற்கும், பிறகு கூழும் நிற்கும், கடைசியில் தண்ணீரும். முதல் கட்டத்திலேயே எண்டோஸ்கோபி செய்ய வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல், கழுத்தில் கட்டி, ஒரு பக்கத் தொண்டை வலியோடு அதே பக்கக் காதுவலி ஆகியவற்றுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு கட்டியை அகற்றினால் வேலை முடிந்துவிடாது. அதே நச்சு வாயிலிருந்து உணவுக்குழாய் வரை எல்லா இடத்திலும் பட்டிருப்பதால், வேறோர் இடத்தில் புதிதாக இரண்டாவது புற்றுநோய் முளைக்கலாம். அதனால்தான் தொண்டையில் கட்டி கண்டவருக்கு உணவுக்குழாயையும் பார்ப்பதுண்டு. அப்போது உள்ளே அயோடின் கரைசலைத் தெளித்தால் நல்ல உட்சவ்வு பழுப்பாகும், கெட்ட இடம் வெளிறி நிற்கும். சிகிச்சைக்குப் பிறகும் புகையையும் மதுவையும் தொடர்பவரிடம் இந்த இரண்டாவது புற்றுநோய் கூடுதலாக வருகிறது.