எல்.டி.ன்னா அபராதமா? லிக்விடேட்டட் டேமேஜஸ் சொல் விளக்கம்

மணலி, எண்ணூர் பக்கம் கான்ட்ராக்ட் எடுக்கறவங்க கிட்ட கேட்டா "பில்லுல எல்.டி. புடிச்சிட்டான்பா"ன்னு தான் சொல்வாங்க, ஃபைன் போட்டுட்டான்னும் சொல்வாங்க, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல.

லிக்விடேட்டட்ங்கறது லத்தீன்ல இருந்து வந்தது. லிக்விடுஸ்னா திரவம், தெளிவானதுன்னு ரெண்டு அர்த்தமும் உண்டு, இங்க தெளிவுங்கற அர்த்தம் தான், அதாவது தொகை இவ்ளோன்னு கணக்கு தெளிஞ்சது. டேமேஜஸ்னா சேதம் இல்ல, சேதத்துக்கு குடுக்குற ஈடு. அதனால முன்நிர்ணய இழப்பீடுன்னு எழுதுங்க. கம்பெனி லெட்டர்ல "தாமத அபராதம்"னு பார்த்தா எனக்கு கடுப்பாகும், அபராதம்னா தப்புக்கு தண்டனை, இது லேட்டால ஆன நஷ்டத்துக்கு கையெழுத்து போடும்போதே ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட தொகை.

பில்லுல எல்.டி. புடிக்கிற லெட்டர் எப்படி இருக்கணும்னு ஒரு உதாரணம் வெச்சு பாப்போம். மணலில ஒரு குடோன் ஷெட், ஜிஎஸ்டி இல்லாம 40 லட்சம், மார்ச் 31க்குள்ள முடிக்கணும், முடிஞ்சது மே 14. ஒப்பந்தத்துல "தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 0.5 சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம்"னு இருக்கு. லெட்டர்ல முதல்ல அந்த ஷரத்து நம்பர், அப்புறம் ரெண்டு தேதி, மொத்தம் 44 நாள் லேட். இதுல பழைய தண்ணி டேங்க்கை ஓனரே இடிச்சு குடுக்காம 9 நாள் அஸ்திவாரம் நின்னுபோச்சு, அதை கழிக்கணும், மிச்சம் 35 நாள், சரியா 5 வாரம், 2.5 சதவீதம், 1,00,000 ரூபாய். கழிக்காம போட்டா 44 நாள்ல 6 வாரம் போக 2 நாள் நிக்கும், "அதன் பகுதி"ங்கற ஒரு வார்த்தையால அது 7 வாரமாகி 1,40,000 ஆயிடும், சண்டை பெரும்பாலும் இங்க தான் ஆரம்பிக்கும். அதனால சைட் ரிஜிஸ்டர்ல டேங்க் பத்தின என்ட்ரியும் அன்னைக்கே அனுப்புன மெயிலும் கான்ட்ராக்டர் கையில இருக்கணும்.

ஒப்பந்தத்துல எழுதியிருக்குன்னு அந்த தொகை அப்படியே கிடைச்சிடும்னும் இல்ல. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ம் பிரிவுப்படி எழுதின தொகை உச்சவரம்பு தான், அதுக்கு உட்பட்டு நியாயமான ஈடு மட்டும் தான் கிடைக்கும். நஷ்டத்தை கணக்கு போட முடியாத வேலைன்னா நியாயமா போட்ட முன்மதிப்பை கோர்ட் ஏத்துக்கும், ஆனா நஷ்டமே ஆகலன்னா வாங்க முடியாதுன்னு 2015ல கைலாஷ் நாத் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

ஓனர் பக்கம் இருக்கறவங்களுக்கு அதே சட்டத்தோட 55ம் பிரிவு முக்கியம். நேரம் முக்கியம்னு போட்ட ஒப்பந்தத்துல லேட்டான வேலையை ஒத்துக்கும்போதே, ஈடு கேக்கறேன்னு நோட்டீஸ் குடுக்கலன்னா அப்புறம் கேக்க முடியாது. எக்ஸ்டென்ஷன் லெட்டர்லயே "இழப்பீடு கோரும் உரிமைக்கு பாதகமின்றி"ன்னு ஒரு வரி சேர்க்கறது அதுக்கு தான்.